மாணவர் எனில் சீருடை: ஆங்கில வாக்கியத்தைத் தருக்கக் குறிகளில் எழுதுதல்

பயனிலைத் தருக்கம், ஒரு வாக்கியம் எப்போது மெய், எப்போது பொய் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டும் குறிகளில் அதை எழுதும் முறை. கணிதம், கணினி அறிவியல், மெய்யியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். பயிற்சி பெரும்பாலும் சாதாரண ஆங்கில வாக்கியங்களைக் குறிகளுக்கு மாற்றுவதில் தொடங்கும். குறிகள் மொத்தமே ஆறு. அவற்றை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனாலும் விடைத்தாள்களில் ஒரு குறிப்பிட்ட பிழை தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது. ‘எல்லாரும்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்குள் ‘எனில்’ வரவேண்டிய இடத்தில் ‘உம்’ வந்து உட்கார்ந்துவிடும் பிழை அது. அந்த ஒரு பிழையைப் பிரித்துப் பார்த்தால், இந்தத் தருக்கம் வேலை செய்யும் விதத்தில் பாதி புரிந்துவிடும்.

முதலில் குறிகள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் களம் என்று பெயர். களத்திலுள்ள பெயர் குறிப்பிடாத ஏதோ ஒருவரை x என்ற எழுத்து குறிக்கும். S(x) என்றால் ‘x ஒரு மாணவர்’, U(x) என்றால் ‘x சீருடையில் இருக்கிறார்’ என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்லும் துண்டுதான் பயனிலை. ∀x என்றால் ‘களத்தில் உள்ள ஒவ்வொரு x-க்கும்’. ∃x என்றால் ‘களத்தில் குறைந்தது ஒரு x-க்காவது’. இவ்விரண்டையும் அளவுக்குறிகள் எனலாம். மீதி நான்கும் இணைப்புக் குறிகள்: ∧ ‘இதுவும் அதுவும்’, ∨ ‘இதுவோ அதுவோ, அல்லது இரண்டுமோ’, → ‘இது எனில் அது’, ¬ ‘இல்லை’.

சோதித்துப் பார்க்க ஒரு சிறிய களம் போதும். ஒரு பள்ளிக் கட்டடத்துக்குள் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். மீனாவும் குமாரும் மாணவர்கள். இருவரும் பள்ளிச் சீருடையில் இருக்கிறார்கள். ராணி ஆசிரியர், புடவை கட்டியிருக்கிறார். சேகர் வாட்ச்மேன், அவருக்கும் காக்கிச் சீருடை உண்டு. இந்த நிலையில் “எவ்ரி ஸ்டூடண்ட் இஸ் இன் யூனிஃபார்ம்” என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அது மெய்யா? மெய்தான். மாணவர்கள் இரண்டு பேர், இருவரும் சீருடையில் இருக்கிறார்கள். ராணி புடவையில் இருப்பதைக் காட்டி யாரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

இந்த வாக்கியத்தைக் குறிகளில் எழுதச் சொன்னால் பலரும் முதலில் எழுதுவது இதுதான்:

∀x (S(x) ∧ U(x))

மாணவர் என்ற செய்தி இருக்கிறது, சீருடை என்ற செய்தி இருக்கிறது, ‘ஒவ்வொரு’ என்பதும் இருக்கிறது; எதுவும் விட்டுப்போகவில்லை என்றே தோன்றும். ஆனால் குறிகள் சொல்வதை அப்படியே படித்தால் நிலைமை வேறு. ‘களத்தில் உள்ள ஒவ்வொருவரும் மாணவர், ஒவ்வொருவரும் சீருடையில் இருக்கிறார்’ என்கிறது அது. மீனாவுக்குப் பொருந்துகிறது, குமாருக்கும் பொருந்துகிறது. ராணியிடம் வந்ததும் இடிக்கிறது. அவர் மாணவரும் அல்லர், சீருடையிலும் இல்லை. சேகர் சீருடையில் இருந்தும் மாணவர் அல்லர். ஆக, ஆங்கில வாக்கியம் மெய்யாக இருக்கும் அதே கட்டடத்தில் இந்தக் குறிவடிவம் பொய்யாகிறது. மாணவர்களைப் பற்றி மட்டுமே பேசிய வாக்கியம், கட்டடத்தில் ஆசிரியரும் வாட்ச்மேனும் இருக்கவே கூடாது என்று கட்டளை போடும் வாக்கியமாக மாறிவிட்டது.

சரியான வடிவம் இது:

∀x (S(x) → U(x))

‘x யாராக இருந்தாலும், அவர் மாணவர் எனில் அவர் சீருடையில் இருக்கிறார்.’ இதை நான்கு பேரிடமும் கொண்டுபோய்ப் பார்க்கலாம். மீனா மாணவர், சீருடையும் உண்டு, கேட்டது கிடைத்தது. குமாரும் அப்படியே. ராணி மாணவரே அல்லர் என்பதால் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. வாக்கியம் அவரைத் தொடாமல் கடந்துபோக வேண்டும். சேகர் சீருடையில் இருந்தாலும் மாணவர் அல்லர். அவரையும் அப்படியே கடக்க வேண்டும். வாக்கியத்தைப் பொய்யாக்கக் கூடியவர் ஒரே வகையினர்தான்: மாணவராக இருந்து சீருடை இல்லாமல் வந்தவர். அப்படி ஒருவரும் இங்கே இல்லை. ஆகவே வாக்கியம் மெய்.

தருக்கப் பாடத்தில் மாணவர்களை மிகவும் எரிச்சலூட்டும் ஓர் அட்டவணைக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. நிபந்தனைக் கூற்றின் மெய்மை அட்டவணை நான்கு வரிகள் கொண்டது. முன்பகுதி மெய், பின்பகுதி மெய் என்றால் முழுக்கூற்று மெய். முன்பகுதி மெய், பின்பகுதி பொய் என்றால் பொய். இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. முன்பகுதி பொய்யாக இருந்தால், பின்பகுதி எதுவாக இருந்தாலும் முழுக்கூற்று மெய் என்கின்றன கடைசி இரண்டு வரிகள். ‘நிலா வெண்ணெயால் ஆனது எனில் இரண்டும் இரண்டும் ஐந்து’ என்பதும் மெய் என்று சொல்லிக்கொடுத்தால், இது ஏதோ கணிதக்காரர்கள் செய்த சதி என்றுதான் படிப்பவர் நினைப்பார். பாடநூல்கள் பலவும் இந்த அட்டவணையை முதல் வாரத்திலேயே, தனிக்கூற்றுகளை வைத்து அறிமுகப்படுத்திவிடுகின்றன; அதனால் அது காரணமில்லாத விதியாகத் தோன்றுகிறது. ஆனால் பள்ளிக் கட்டடத்தில் நிற்கும் நான்கு பேரையும் பார்த்தால் அந்த இரண்டு வரிகளும் ராணிக்கும் சேகருக்கும் உரியவை என்பது தெரியும். அவர்களிடத்தில் S(x) → U(x) பொய் என்று வைத்துவிட்டால், ‘ஒவ்வொரு மாணவரும்’ என்ற வாக்கியம் ஓர் ஆசிரியர் உள்ளே நுழைந்ததுமே பொய்யாகிவிடும். சம்பந்தமில்லாதவர்கள் வாக்கியத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமானால் அவர்களிடத்தில் அது மெய் என்றுதான் இருந்தாக வேண்டும்.

இந்த ‘எனில்’ ஆங்கில வாக்கியத்தில் எங்கும் இல்லை என்பதுதான் பிழைக்கு முதல் காரணம். “எவ்ரி ஸ்டூடண்ட்” என்பதில் ‘ஒவ்வொரு’ என்ற சொல் ‘மாணவர்’ என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டு, யாரைப் பற்றிய பேச்சு என்பதை அங்கேயே வரையறுத்துவிடுகிறது. தருக்கக் குறியான ∀x அப்படி எதனோடும் ஒட்டாது. அது எப்போதும் களம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். அள்ளி வந்ததிலிருந்து மாணவர்களை மட்டும் சலித்தெடுக்கும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைச் செய்வதுதான் →.

இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பதை முதலில் முழுமையாக முன்வைத்தவர் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த காட்லோப் ஃப்ரேக. 1879-இல் வெளிவந்த ‘பெக்ரிஃப்ஸ்ஷ்ரிஃப்ட்’ என்ற சிறுநூலில் அதைச் செய்தார். அவருக்கு முன், அரிஸ்டாட்டில் வழிவந்த தருக்கத்தில் ‘எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள்’ என்பது ஓர் எழுவாயும் ஒரு பயனிலையும் கொண்ட எளிய வாக்கியம். ஃப்ரேக அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதைக் காட்டினார். 1884-இல் எழுதிய மற்றொரு நூலில் இதே திமிங்கில வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தவொரு தனி விலங்கைப் பற்றியும் பேசவில்லை என்று வாதிட்டார். கண்முன் நிற்கும் விலங்கு திமிங்கிலம்தான் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை; திமிங்கிலமாக இருந்தால் பாலூட்டி என்று மட்டுமே சொல்கிறது. ஃப்ரேகவின் குறிகள் கோடுகளும் கிளைகளுமாக இரண்டு திசைகளில் படரும்; அச்சுக்கோப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். இன்று எழுதப்படும் ∃ இத்தாலியரான பியானோ 1897-இல் கொண்டுவந்தது, ∀ ஜெர்மானியரான கென்ட்ஸன் 1935-இல் கொண்டுவந்தது.

பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு: அது சில சமயம் பிழையாகத் தெரியாது. வகுப்பறையில் மாணவர்கள் மட்டும் இருக்கிறார்கள், களமும் அந்த வகுப்பறைதான் என்று வைத்துக்கொண்டால், S(x) எல்லாருக்கும் மெய். அப்போது S(x) ∧ U(x), S(x) → U(x), வெறும் U(x) ஆகிய மூன்றும் ஒரே விடையைத் தரும். பிழையான வடிவத்தை இப்படிப்பட்ட களத்தில் சோதித்துப் பார்த்தவர் அது சரி என்றே முடிவு கட்டுவார். ஆகவே சோதிப்பதற்குக் களத்தில் வேண்டாத ஆட்களும் இருக்க வேண்டும். மாணவரல்லாத ஒருவரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு வடிவங்களும் உடனே பிரிந்துவிடும். களத்தையே மாணவர்களாக மட்டும் வைத்துக்கொண்டு ∀x U(x) என்று எழுதுவதும் தவறில்லை. அடுத்த வாக்கியத்தில் ஓர் ஆசிரியர் வரும்போது களத்தை மாற்ற முடியாமல் திணற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

‘சில’ என்று வரும் வாக்கியங்களில் நிலைமை தலைகீழ். “சம் ஸ்டூடண்ட் இஸ் இன் யூனிஃபார்ம்”, அதாவது ஒரு மாணவராவது சீருடையில் இருக்கிறார் என்பதன் சரியான வடிவம் ∃x (S(x) ∧ U(x)). மாணவராகவும் சீருடையிலும் இருக்கும் ஒருவரைக் காட்டினால் வாக்கியம் மெய், வேறெதுவும் போதாது. ‘எல்லா’ வாக்கியத்தில் அடிபட்டவர்கள் அந்தப் பாடத்தை மிகையாகக் கற்றுக்கொண்டு இங்கேயும் → போட்டுவிடுவதுண்டு: ∃x (S(x) → U(x)). இது ‘மாணவர் எனில் சீருடை என்ற நிபந்தனை பொருந்தும் ஒருவராவது இருக்கிறார்’ என்கிறது. மீனாவும் குமாரும் சீருடை இல்லாமல் வந்திருக்கும் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். அன்று ஆங்கில வாக்கியம் பொய். ஆனால் ராணி மாணவர் அல்லாததால் நிபந்தனை அவரிடம் மெய். அவர் ஒருவர் இருப்பதே இந்தக் குறிவடிவத்தை மெய்யாக்கப் போதும். சொல்லப்போனால், மாணவரல்லாத ஒருவர் களத்தில் எங்காவது இருந்தாலே இது மெய். ஒன்றுமே சொல்லாத வாக்கியம்.

இரண்டு பிழைகளில் இரண்டாவதுதான் மோசமானது. ∀-க்குள் ∧ போட்டால் அளவுக்கு மீறிய வாக்கியம் கிடைக்கிறது. அது எளிதில் பொய்யாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ∃-க்குள் → போட்டால் அளவுக்குக் குறைந்த வாக்கியம் கிடைக்கிறது. அது பெரும்பாலும் மெய்யாகவே இருந்து யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடும்.

எதிர்மறையை எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. ‘ஒவ்வொரு மாணவரும் சீருடையில் இருக்கிறார்’ என்பதை மறுக்க வேண்டுமானால் என்ன காட்ட வேண்டும்? சீருடை இல்லாத ஒரு மாணவரை. குறிகளும் அதையே சொல்கின்றன: ¬∀x (S(x) → U(x)) என்பது ∃x (S(x) ∧ ¬U(x)) என்பதற்குச் சமம். ∀ மாறி ∃ ஆகும்போது → தானாகவே ∧ ஆகிவிடுவதைக் கவனிக்கலாம். இரண்டு அளவுக்குறிகளும் வெவ்வேறு இணைப்பைக் கேட்பது தற்செயல் அல்ல. தவறான வடிவத்தை மறுத்தால் வருவது ∃x (¬S(x) ∨ ¬U(x)): ‘மாணவர் அல்லாத அல்லது சீருடை இல்லாத ஒருவர் இருக்கிறார்.’ ‘எல்லா மாணவரும் சீருடையில் இருக்கிறார்கள்’ என்ற தலைமை ஆசிரியரின் கூற்றை மறுக்க, ‘இதோ ஒரு வாட்ச்மேன்’ என்று காட்டுவதைப் போன்றது அது. ஒரு குறிவடிவம் சரிதானா என்று ஐயம் வந்தால், அதை எது பொய்யாக்கும் என்று கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

→ போட்டதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறை, கட்டடத்தில் ராணியும் சேகரும் மட்டும் இருக்கிறார்கள். அப்போது ∀x (S(x) → U(x)) மெய்யா? பொய்யாக்கக் கூடிய மாணவர் யாரும் இல்லை, ஆகவே மெய். அதே மூச்சில் ∀x (S(x) → ¬U(x)), அதாவது ‘எந்த மாணவரும் சீருடையில் இல்லை’ என்பதும் மெய். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தெரிந்தாலும், மாணவரே இல்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. அரிஸ்டாட்டில் வழித் தருக்கத்தில் ‘எல்லா மாணவரும்’ என்பதிலிருந்து ‘ஒரு மாணவராவது’ என்பது தானாகக் கிடைக்கும். இன்றைய தருக்கத்தில் அது கிடைக்காது. ஒரு மாணவராவது இருக்கிறார் என்று பொருள்பட வேண்டுமானால் ∧ ∃x S(x) என்று வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். மகனே இல்லாத ஒருவர் ‘என் மகன்கள் எல்லாரும் டாக்டர்கள்’ என்று சொன்னால் ஊர் அவரைப் பொய்யர் என்னும், தருக்கம் மெய் என்னும். இந்த இடத்தில் தருக்கம் அன்றாடப் பேச்சோடு முழுதும் ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. கணிதத்துக்கு மட்டும் இது பெரிய வசதி. வெற்றுக் கணத்துக்கென்று தனி விதி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘எனில்’ வந்துவிட்டால் அதற்கு எந்தப் பக்கம் எது என்ற கேள்வியும் வரும். “ஓன்லி ஸ்டூடண்ட்ஸ் ஆர் இன் யூனிஃபார்ம்”, மாணவர்கள் மட்டுமே சீருடையில் இருக்கிறார்கள். ‘மாணவர்’ என்ற சொல் முன்னால் வருவதால் S(x) → U(x) என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் இந்த வாக்கியத்தைப் பொய்யாக்குபவர் யார்? காக்கிச் சீருடையில் நிற்கும் சேகர். சீருடையில் இருந்தும் மாணவர் அல்லாதவர்தான் இதற்கு எதிரி. ஆகவே சரியான வடிவம் ∀x (U(x) → S(x)). மாணவர்கள் எல்லாரும் சீருடையில் இருக்கிறார்களா என்பது பற்றி இந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. நம் கட்டடத்தில் ‘எவ்ரி’ வாக்கியம் மெய், ‘ஓன்லி’ வாக்கியம் பொய்; அம்புக்குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

“ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் ஆர் நாட் இன் யூனிஃபார்ம்” என்ற வகை வாக்கியம் இன்னும் தொல்லை. ஒருவர் காதில் அது ‘மாணவர்களில் ஒருவருமே சீருடையில் இல்லை’ என்று விழும். இன்னொருவர் காதில் ‘எல்லா மாணவர்களும் சீருடையில் இல்லை, சிலர்தான் இருக்கிறார்கள்’ என்று விழும். முதலாவது ∀x (S(x) → ¬U(x)), இரண்டாவது ¬∀x (S(x) → U(x)). ஆங்கிலம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறது. குறிகளில் எழுதுபவர் ¬ எங்கே நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்காமல் எழுதவே முடியாது. எது என்று வாக்கியத்திலிருந்து தெரியாவிட்டால் இரண்டையும் எழுதிக் காட்டுவதுதான் முறை.

∧ பற்றிய இன்னொரு கண்ணியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் இருக்கிறது. “ஸ்டூடண்ட்ஸ் அண்டு டீச்சர்ஸ் கேரி கார்ட்ஸ்”: மாணவர்களும் ஆசிரியர்களும் அட்டை வைத்திருக்கிறார்கள். T(x) ‘x ஓர் ஆசிரியர்’, C(x) ‘x அட்டை வைத்திருக்கிறார்’ என்று கொள்ளலாம். வாக்கியத்தில் ‘அண்டு’ கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. ஆகவே ∀x ((S(x) ∧ T(x)) → C(x)) என்று எழுதுவது இயல்பு. ‘மாணவராகவும் ஆசிரியராகவும் இருப்பவர் அட்டை வைத்திருக்கிறார்’ என்று பொருள். நம் கட்டடத்தில் அப்படி இரண்டுமாக இருப்பவர் ஒருவரும் இல்லை; ஆகவே யாரிடமும் அட்டை இல்லாவிட்டாலும் இது மெய். வாக்கியம் உண்மையில் சொல்வது, மாணவராக இருந்தாலும் சரி, ஆசிரியராக இருந்தாலும் சரி, அட்டை உண்டு என்பதை. எனவே ∀x ((S(x) ∨ T(x)) → C(x)). ஆங்கில ‘அண்டு’ இங்கே ∨ ஆகிறது. ∧ தான் வேண்டுமென்றால் வாக்கியத்தை இரண்டாக உடைத்து, ∀x (S(x) → C(x)) ∧ ∀x (T(x) → C(x)) என்று எழுதலாம். இரண்டு வடிவமும் சமம். சொல்லுக்குச் சொல் குறி போடும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டு அளவுக்குறிகள் ஒரே வாக்கியத்தில் வரும்போது, ஒவ்வொன்றும் தனக்குரிய இணைப்பைத் தன்னோடு கொண்டுவரும். “எவ்ரி ஸ்டூடண்ட் கிரீட்டட் எ டீச்சர்”: ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆசிரியருக்கு வணக்கம் சொன்னார். G(x, y) என்பது ‘x, y-க்கு வணக்கம் சொன்னார்’. ஒரே மூச்சில் எழுத முயலாமல் வெளியிலிருந்து உள்ளே போவது நல்லது. முதலில் மாணவர் பகுதி: ∀x (S(x) → ‘x ஓர் ஆசிரியருக்கு வணக்கம் சொன்னார்’). பாதி குறி, பாதி பேச்சாக இருக்கும் இந்த இடைநிலையை எழுதிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்ந்தவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் அது ‘ஓர் ஆசிரியராவது’ என்ற வகை வாக்கியம்: ∃y (T(y) ∧ G(x, y)). அதை உள்ளே பொருத்தினால் முழு வடிவம்:

∀x (S(x) → ∃y (T(y) ∧ G(x, y)))

∀-க்கு →, ∃-க்கு ∧ என்பது இங்கே ஒரே வரியில் தெரிகிறது. மீனா ராணிக்கும் குமார் வேறோர் ஆசிரியருக்கும் வணக்கம் சொல்லியிருந்தாலும் இது மெய். ஆனால் அதே ஆங்கில வாக்கியத்தைச் சொன்னவர், எல்லா மாணவரும் ஒரே ஆசிரியருக்கு வணக்கம் சொன்னார்கள் என்று கருதியிருக்கவும் கூடும். அப்போது ஆசிரியரை முதலில் எடுக்க வேண்டும்: ∃y (T(y) ∧ ∀x (S(x) → G(x, y))). இது முந்தியதைவிடக் கடினமான கூற்று. கட்டடத்தில் ஒரு மாணவராவது இருந்தால், இது மெய்யாகும்போது முந்தியதும் மெய்யாகும். முந்தியது மெய்யாவதால் மட்டும் இது மெய்யாகிவிடாது. விடுமுறை நாளிலும் அந்த வழி கெடுவதில்லை, ஏனெனில் மாணவரே இல்லாவிட்டால் முந்தியது எப்படியும் மெய். அளவுக்குறிகளின் வரிசை மாறினாலும், ∀-யோடு →-உம் ∃-யோடு ∧-உம் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இடம் மாறுவதைக் காணலாம்.

இந்த அளவுக்கு வந்தபின் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ‘எல்லா’ என்பதற்கு →, ‘சில’ என்பதற்கு ∧ என்றால், ‘பெரும்பாலான’ என்பதற்கு எது? “மோஸ்ட் ஸ்டூடண்ட்ஸ் ஆர் இன் யூனிஃபார்ம்”: மாணவர்களில் பெரும்பாலோர் சீருடையில் இருக்கிறார்கள். ‘களத்தில் பாதிக்கு மேற்பட்ட x-களுக்கு’ என்று பொருள்தரும் Mx என்ற புதிய அளவுக்குறியை உருவாக்கிக்கொண்டு பார்க்கலாம்.

கட்டடத்தில் இப்போது பத்துப் பேர். இருவர் மட்டுமே மாணவர்கள், இருவருமே சீருடையில் இல்லை. மற்ற எட்டுப் பேரும் ஆசிரியர்கள். வாக்கியம் அப்பட்டமான பொய். ஆனால் S(x) → U(x) என்பது எட்டு ஆசிரியர்களிடமும் மெய். பத்தில் எட்டு பாதிக்கு மேல் என்பதால் Mx (S(x) → U(x)) மெய்யாகிவிடுகிறது. சரி, ∧ போட்டுப் பார்த்தால்? மூன்று மாணவர்கள், மூவரும் சீருடையில், ஏழு ஆசிரியர்கள். வாக்கியம் மெய். ஆனால் S(x) ∧ U(x) பொருந்துவது பத்தில் மூவருக்குத்தான். Mx (S(x) ∧ U(x)) பொய். ‘எல்லா’ வாக்கியத்தில் ராணியையும் சேகரையும் மெய் என்று கணக்கில் போட்டது தொல்லை தரவில்லை, ஏனெனில் அங்கே எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்பது மட்டுமே தேவை. ‘சில’ வாக்கியத்தில் அவர்களைப் பொய் என்று கணக்கில் போட்டதும் தொல்லை தரவில்லை, ஒரு மெய் இருந்தாலே போதும். ‘பெரும்பாலான’ என்பது எண்ணிப் பார்க்கும் சொல்; சம்பந்தமில்லாதவர்களை எந்தப் பக்கம் சேர்த்தாலும் கணக்கு கெட்டுவிடும். இணைப்புக் குறிகளை வேறு எப்படி அடுக்கினாலும் இது சரியாகாது என்பது நிறுவப்பட்டுள்ளது. மேலும், வழக்கமான ∀, ∃ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டும் ‘பெரும்பாலான’ என்பதைச் சொல்ல முடியாது.

ஜான் பார்வைஸும் ராபின் கூப்பரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு வேறு வழி எடுத்தது. ‘ஒவ்வொரு மாணவரும்’, ‘சில மாணவர்கள்’, ‘பெரும்பாலான மாணவர்கள்’ என்பவற்றை உடைக்காமல், பெயரோடு சேர்த்தே ஒரு முழு அளவுக்குறியாக எடுத்துக்கொள்வது அந்த வழி. ‘பெரும்பாலான மாணவர்கள் சீருடையில் இருக்கிறார்கள்’ என்பது சீருடையில் இருக்கும் மாணவர்களின் எண்ணிக்கை, சீருடையில் இல்லாத மாணவர்களின் எண்ணிக்கையைவிட மிகுதி என்ற ஒப்பீடாகிறது; ஆசிரியர்கள் அந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை. ‘ஒவ்வொரு மாணவரும்’ என்பதையும் இப்படியே, மாணவர் கூட்டம் முழுவதும் சீருடைக் கூட்டத்துக்குள் அடக்கம் என்று சொல்லிவிடலாம். அப்போது → தேவையில்லை, ∧-ஐத் தவறாகப் போடுவதற்கு இடமும் இல்லை. மொழியியலாளர்கள் ஆங்கில வாக்கியங்களை ஆராய இந்த வழியைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். கணிதத்தில் நிறுவல்கள் எழுதுவதற்கு ∀, ∃ கொண்ட பழைய வழியே இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. வகுப்பறைப் பயிற்சிகளும் அதையே கேட்கின்றன.